மதுரையிலிருந்து டெல்லிக்கு ஒரு பிஎஸ்4 ஸ்லிம்: எப்படிக் கட்டி அனுப்புவது?

கேள்வி: "என்னிடம் ஒரு பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம் இருக்கிறது. டெல்லியில் படிக்கும் தம்பிக்கு மதுரையிலிருந்து கூரியரில் அனுப்பப் போகிறேன். வாங்கியபோது வந்த பெட்டி இப்போது இல்லை. அப்பா ஜனவரியில் ரயிலில் டெல்லி போகிறார், ஆனால் அவருக்கு ஏற்கெனவே சுமை அதிகம். சின்னப் பை ஒன்றை வேண்டுமானால் எடுத்துப் போவார். டிஸ்க், ஹார்ட் டிஸ்க், கேபிள்கள் எல்லாவற்றையும் எப்படிக் கட்டுவது? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தனியாக அனுப்ப வேண்டுமா?"

கன்சோலை மட்டும் கூரியரில் அனுப்புங்கள். கேம் டிஸ்க்குகள், கன்ட்ரோலர், சேவ் கோப்புகள் உள்ள ஒரு பென் டிரைவ் ஆகியவை அப்பாவின் சின்னப் பையில் போகட்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம். கேபிள்களை அப்பாவிடமும் கொடுக்கலாம், கன்சோலின் உள்பெட்டியிலும் வைக்கலாம். ஆனால் ஒரு கேபிள்கூடக் கன்சோலில் செருகியபடி போகக் கூடாது. காரணங்களையும் செய்முறையையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பார்சலுக்கு வழியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் பெட்டி இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறையாவது விழும் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டினாலும், அம்புக்குறி போட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட்டபின் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதே அடியின் கடுமையைத் தீர்மானிக்கிறது. வெறும் அட்டை நசுங்கி 2 மில்லிமீட்டரில் நின்றுவிட்டால், பொருளின் மேல் விழும் விசை சராசரியாக அதன் எடையைப் போல் 375 மடங்கு. அதே பெட்டியில் 5 சென்டிமீட்டர் ஃபோம் இருந்து, அதில் பாதி அமுங்கி இரண்டரை சென்டிமீட்டரில் நின்றால் 30 மடங்குதான். உச்ச விசை இந்தச் சராசரியைவிட இரண்டு மடங்கு வரை போகலாம். அப்போதும் வித்தியாசம் பத்து மடங்குக்கு மேல். கன்சோலைச் சுற்றி எத்தனை சுற்று பபிள் ராப் என்று எண்ணுவதைவிட, அது நிற்பதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள்.

இனி டிஸ்க். உள்ளே டிஸ்க் இருக்கும்போது கன்சோலை அசைக்கவே கூடாது. ஸ்லிம்மின் டிரைவில் தட்டு வெளியே வராது. வாயில் வைத்த டிஸ்க்கை ரப்பர் உருளைகள் உள்ளே இழுக்க, நடுவில் சுழலும் அச்சில் அது பிடித்துக்கொள்கிறது. பிடித்திருப்பது நடுத்துளையைச் சுற்றியுள்ள சிறு வளையத்தை மட்டுமே. மற்ற பகுதி முழுவதும் காற்றில் நிற்கிறது. அதற்குக் கீழே சில மில்லிமீட்டரில் லேசர் லென்ஸ் இருக்கிறது. ஓர் அடி விழுந்தால் டிஸ்க் அச்சிலிருந்து நழுவலாம், லென்ஸில் உரசலாம், அல்லது உருளைகளுக்கு இடையே கோணலாகச் சிக்கி நிற்கலாம். "டிரைவுக்குள்தான் டிஸ்க் பத்திரமாக இருக்கும்" என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கூரியரில் அடிபட்டு வரும் கன்சோல்களில் தவிர்த்திருக்கக்கூடிய பழுதுகளில் இதுவும் ஒன்று.

ஆகவே கன்சோலை ஆன் செய்து, முன்பக்கத்தில் உள்ள எஜெக்ட் பொத்தானை அழுத்தி டிஸ்க்கை எடுங்கள். வாயில் நீட்டி நிற்கும் டிஸ்க்கை விளிம்பில் பிடித்து நேராக இழுங்கள், சாய்த்து இழுக்காதீர்கள். டிஸ்க் வெளியே வர மறுத்தால் கன்சோலைத் தட்டிப் பார்க்காதீர்கள். கையால் வெளியேற்றுவதற்கென்றே ஒரு திருகு உள்ளே இருக்கிறது. மின் இணைப்பைத் துண்டித்த பிறகு அதை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி டிஸ்க்கை வெளியே தள்ளலாம். அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். கன்சோலின் பின்புற ஸ்டிக்கரில் சியூஎச் என்று தொடங்கும் மாடல் எண்ணைக் கொண்டு சோனியின் ஆதரவுப் பக்கத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

டிஸ்க்கை எடுத்த கையோடு சேவ் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள். முழு ஹார்ட் டிஸ்க்கையும் பேக்கப் எடுக்க வேண்டியதில்லை. கேம்களைத் திரும்ப நிறுவிக்கொள்ளலாம். திரும்பக் கிடைக்காதது நீங்கள் விளையாடிச் சேர்த்த சேவ்கள் மட்டும்தான். எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவைச் செருகி இந்த வழியில் போங்கள்:

```
Settings > Application Saved Data Management
> Saved Data in System Storage
> Copy to USB Storage Device
```

இந்தச் சேவ்கள் உங்கள் கணக்கோடு கட்டுண்டவை. தம்பி அதே கணக்கில் நுழைந்தால்தான் அவை திறக்கும். டிராஃபிகள் இந்தப் பிரதியில் சேராது. இணையத்தோடு இணைந்திருக்கும்போதே டிராஃபி திரையில் அவற்றை ஒருமுறை ஒத்திசைத்துவிடுங்கள். கேம்களை வைக்க யூஎஸ்பியில் தனி ஹார்ட் டிஸ்க் ஏதாவது செருகியிருந்தால், அதை அப்படியே பிடுங்காதீர்கள். `Settings > Devices > USB Storage Devices` போய் `Stop Using This Extended Storage` கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

அடுத்து அணைப்பது. பிஎஸ் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, மின் மெனுவில் `Turn Off PS4` என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரெஸ்ட் மோடில் விட்டுவிட்டு பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் கன்சோல் அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது. அந்த நிலையில் பின்னணியில் பதிவிறக்கம் நடந்துகொண்டிருக்கலாம், ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கலாம். வெள்ளை விளக்கு துடித்து முற்றிலும் அணைந்த பிறகு, இன்னும் சில நொடிகள் பொறுத்து, சுவரிலிருந்து பிளக்கை எடுங்கள்.

இந்தப் படி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. ஸ்லிம்மில் இருப்பது லேப்டாப் வகை இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க். ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய இடைவெளியில் மிதக்கிறது. அணைத்தவுடன் அந்த முனை தட்டைவிட்டு முழுவதுமாக விலகி, ஓரத்தில் உள்ள சரிவு மேடையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இவ்வகை ஹார்ட் டிஸ்க்குகளின் விவரத்தாளைப் பார்த்தால், ஓடாத நிலையில் தாங்கும் அதிர்ச்சி ஓடும் நிலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். மில்லி நொடியில் கடந்துபோகும், தன் எடையைப் போல் 1000 மடங்கு விசையைக்கூடத் தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். முறையாக அணைத்த கன்சோலின் உள்ளே, அதன் தாங்கியில் திருகு போட்டு நிற்கும் ஹார்ட் டிஸ்க் நல்ல பாதுகாப்பில்தான் இருக்கிறது.

கழற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஸ்லிம்மில் அதைக் கழற்றுவது சுலபம்தான்: பின்புற மூலையில் உள்ள சிறு மூடியை நகர்த்தி எடுத்து, ஒரு திருகைக் கழற்றினால் தாங்கியோடு வெளியே வந்துவிடும். சுலபம் என்பதாலேயே பலரும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுவிடுகிறார்கள். வெறும் ஹார்ட் டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் சர்க்யூட் பலகை வெளியே தெரியும். அதைத் தொடும் கையிலிருந்து நிலைமின்சாரம் பாயலாம். கல் தரையில் தவறி விழுந்தால் நின்று தணிய இடமே இல்லாமல் முழு அடியையும் அதுவே வாங்கிக்கொள்ளும். இன்னொன்றும் இருக்கிறது. பிஎஸ்4 தன் ஹார்ட் டிஸ்க்கை அந்தக் கன்சோலுக்கே உரிய முறையில் மறையாக்கம் செய்கிறது. வழியில் கன்சோல் தொலைந்து ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பினால், அதை வேறொரு பிஎஸ்4-இல் போட்டுப் படிக்க முடியாது. ஃபார்மேட் செய்யத்தான் கேட்கும். ஆகவே தனியாக அனுப்புவதால் உங்கள் தகவல் காப்பாற்றப்படுவதில்லை. அதைக் காப்பது அந்தப் பென் டிரைவ்தான்.

ஏதோ ஒரு காரணத்துக்காகக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், கணினிப் பாகங்கள் விற்கும் கடையில் கிடைக்கும் வெள்ளிநிற ஆன்டிஸ்டாடிக் உறையில் போட்டு, நான்கு பக்கமும் ஃபோம் வைத்த சின்னப் பெட்டியில் அப்பாவின் கைப்பையில் அனுப்புங்கள்.

இப்போது கேபிள்கள். டிஸ்க்கையும் ஹார்ட் டிஸ்க்கையும் பற்றிக் கவலைப்படுபவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பழுதுபார்ப்பவரின் மேஜைக்கு எச்.டி.எம்.ஐ. துளை உடைந்த கன்சோல் அடிக்கடி வருகிறது. அந்தத் துளைக்குள் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறது. அதன் மேலும் கீழும் 19 மெல்லிய உலோக முனைகள் வரிசையாகப் படுத்திருக்கும். துளையின் உலோகக் கூடு மதர்போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கேபிளைச் செருகியபடியே கன்சோலைப் பெட்டியில் வைத்தால், வெளியே நீட்டி நிற்கும் கேபிள் முனை நெம்புகோல் ஆகிவிடும். பெட்டி அந்தப் பக்கமாக விழுந்தால் கன்சோலின் முழு எடையும் அந்தச் சின்ன நாக்கின் மேல் இறங்கும். முனைகள் வளையும், நாக்கு ஒடியும், இன்னும் மோசமானால் துளையே பலகையிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். அதைச் சரிசெய்ய மதர்போர்டை வெளியே எடுத்து, துளையை மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

எனவே மின்கம்பி, எச்.டி.எம்.ஐ., யூஎஸ்பி மூன்றையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வான வளையமாகச் சுற்றி, துணிப் பட்டையாலோ வெல்க்ரோவாலோ கட்டுங்கள். கேபிளின் கழுத்தை, அதாவது முனையிலிருந்து கம்பி புறப்படும் இடத்தை, மடக்காதீர்கள். உள்ளே இழைகள் அறுபடுவது அங்கேதான். ரப்பர் பேண்ட் வேண்டாம், வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும். பிளக்கின் பித்தளைக் கால்கள் கன்சோலைக் கீறுவதற்கென்றே செய்தது போன்றவை. ஆகவே மின்கம்பியைத் தடித்த துணிப்பையில் தனியாக வையுங்கள். அந்தத் துணிப்பையும் மற்றக் கேபிள்களும் ஒரே பையில் போகட்டும், ஆனால் அந்தப் பை கன்சோலின் மேல் நேரடியாக உட்காரக் கூடாது.

இனிக் கட்டுவதற்கு வருவோம். ஸ்லிம்மின் அளவு 26.5 × 28.8 × 3.9 சென்டிமீட்டர், எடை 2.1 கிலோ. இதற்கு இரண்டு பெட்டிகள் தேவை. உள்பெட்டியின் வேலை கன்சோலை அசையாமல் பிடித்துக்கொள்வது. வெளிப்பெட்டியின் வேலை, முன்பு சொன்னேனே, அந்த நிற்கும் தூரத்தைக் கொடுப்பது. இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் செய்ய முயல்வதால்தான் பெரும்பாலான பார்சல்கள் கெட்டுப்போகின்றன: இறுக்கினால் அடி நேராகப் போகிறது, தளர்த்தினால் பொருள் உள்ளே ஆடுகிறது.

கன்சோலை முதலில் மெல்லிய ஃபோம் ஷீட்டிலோ சுத்தமான பருத்தித் துணியிலோ சுற்றுங்கள். உடம்பில் நேரடியாக டேப் ஒட்டாதீர்கள். டிஸ்க் வாயை மூடவும் டேப் வேண்டாம், அதன் பசை உள்ளே போகும் முதல் டிஸ்க்கிலேயே ஒட்டும். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் வைத்து வாயை மடித்து ஒட்டிவிடுங்கள். இந்தப் பை டெல்லிக் குளிரில் ஒரு வேலை செய்யும், அதைப் பின்னால் சொல்கிறேன். அதன்மேல் பபிள் ராப். கொப்புளங்கள் கன்சோலைப் பார்த்து உள்பக்கமாக இருக்கட்டும். எல்லாப் பக்கமும் சுமார் 3 சென்டிமீட்டர் கனம் வரும் வரை சுற்றுங்கள். அப்போது உள்பெட்டி ஏறக்குறைய 33 × 35 × 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அளவுக்கு அப்படியே பெட்டி கிடைக்காவிட்டால், கொஞ்சம் பெரிய அட்டைப்பெட்டியின் ஓரங்களைக் கத்தியால் கீறி மடித்துக்கொள்ளலாம்.

தெர்மாகோல் மட்டும் கன்சோலுக்கு அருகில் வேண்டாம். அடிபட்டால் உதிரும் அந்த வெள்ளை மணிகள் நிலைமின்சாரத்தால் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, காற்றுத் துளைகள் வழியாக விசிறிக்கும், வாய் வழியாக டிரைவுக்கும் போய்ச் சேரும். போதாததற்கு, ஒரு அடி வாங்கியதும் அது நசுங்கி உடைந்துவிடும். அடுத்த அடிக்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

வெளிப்பெட்டிக்கு 5 ப்ளை அட்டைப்பெட்டி வாங்குங்கள். உள்பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 43 × 45 × 20 சென்டிமீட்டர். இந்த இடைவெளியை நிரப்ப டிவி, ஃபிரிட்ஜ் விற்கும் கடைகளில் கழித்துப் போடும் வெள்ளை ஃபோமைக் கேட்டு வாங்குங்கள். வளைத்தால் ஒடியாமல் வளைவதுதான் வேண்டியது. படக்கென்று ஒடிந்து மணி மணியாக உதிர்ந்தால் அது தெர்மாகோல்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதைப் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். உள்பெட்டியின் அடியில் முழு அளவுக்கு ஒரே ஃபோம் ஷீட்டை விரித்தால் அதிகப் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் இரண்டரை, மூன்று கிலோ எடை அவ்வளவு பெரிய பரப்பில் பரவினால், ஒவ்வொரு இடத்திலும் அழுத்தம் மிகக் குறைவாகி ஃபோம் அமுங்கவே அமுங்காது. அமுங்காத ஃபோமும் ஒரு மரப்பலகைதான். நிற்கும் தூரம் கிடைக்காது. அதே எடையை நான்கு சின்னத் துண்டுகள் தாங்கினால் அவை அடியின்போது நன்றாக அமுங்கி, மெதுவாக நிறுத்தும். ஆகவே ஃபோமை 5 சென்டிமீட்டர் கனத்தில் 24 துண்டுகளாக வெட்டுங்கள்: மேல், கீழ் முகங்களுக்கு 7 × 7 சென்டிமீட்டர் அளவில் எட்டு, 10 சென்டிமீட்டர் உயரமே உள்ள பக்க முகங்களுக்கு 7 × 5 சென்டிமீட்டர் அளவில் பதினாறு. உள்பெட்டிக்கு எட்டு மூலைகள். ஒவ்வொரு மூலையிலும் மூன்று முகங்களுக்கு ஒவ்வொரு துண்டாக ஒட்டுங்கள். ஃபோம் 25 மில்லிமீட்டர் கனம்தான் கிடைத்தால் இரண்டிரண்டாக அடுக்கி ஒட்டலாம். எல்லாம் ஒட்டியபின் உள்பெட்டி எட்டு மூலைகளால் மட்டுமே வெளிப்பெட்டியில் தாங்கப்பட்டு நிற்கும். நடுவில் மிஞ்சும் காலியிடத்தில் கசக்கிய காகிதத்தைத் தளர்வாக வைத்தால் போதும், திணிக்க வேண்டாம்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: மூடுவதற்கு முன் உள்பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்துங்கள். கொஞ்சம் இறங்கி, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வர வேண்டும். கல்லாக நின்றால் துண்டுகள் பெரிதாக இருக்கின்றன. அட்டை அடி தட்டும் அளவுக்கு இறங்கினால் ஃபோம் மிக மென்மையானது. மூடியபின் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். எதுவும் தட்டும் ஓசை கேட்கக் கூடாது.

மேலும் கீழும் நடு இணைப்பிலும் இரு ஓர விளிம்புகளிலும் அகலமான பிரவுன் டேப்பை ஒட்டுங்கள். வெளியே கேம் கன்சோல் என்று தெரியும்படி எதையும் எழுதாதீர்கள். படிவத்தில் மட்டும் பொருளின் பெயரையும் மதிப்பையும் உள்ளபடி எழுதுங்கள். சாதாரணக் கட்டணத்தில் நிறுவனம் ஏற்கும் பொறுப்பு மிகச் சிறிய தொகைதான், ரசீதின் பின்பக்கத்தில் அது அச்சாகியிருக்கும். கன்சோலின் மதிப்புக்கு ஏற்ற இழப்புக் காப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கட்டுவதற்கு முன் கன்சோல் ஓடுவதையும், பின்புற ஸ்டிக்கரில் உள்ள வரிசை எண்ணையும், கட்டும் ஒவ்வொரு படியையும் செல்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்குகளையும் கன்ட்ரோலரையும் ஏன் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன் என்பதற்குக் கட்டணக் கணக்கும் ஒரு காரணம். பெட்டி பெரிதாகவும் எடை குறைவாகவும் இருந்தால் கூரியர்காரர்கள் கன அளவை வைத்து எடை போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். 43 × 45 × 20 என்றால் 38,700. வகுத்தால் 7.74, அதாவது 8 கிலோ கட்டணம். கன்ட்ரோலர், டிஸ்க்குகள், கேபிள்களுக்கு 8 சென்டிமீட்டர் உயரமுள்ள இன்னொரு பெட்டியை மேலே அடுக்கினால் உயரம் 28 ஆகிறது. கணக்கு 54,180, அதாவது 11 கிலோ. மூன்று கிலோ கட்டணம் கூடுவதோடு, கன்சோலின் தலைக்கு மேல் இன்னொரு சுமையும் ஏறுகிறது. கேபிள் பை மட்டுமென்றால் உள்பெட்டியிலேயே கன்சோலின் பக்கவாட்டில், நடுவே ஒரு அட்டைத் தடுப்பு வைத்து, அதற்கு இடம் செய்துகொள்ளலாம். அப்போது பெட்டியின் ஒரு பக்கம் சில சென்டிமீட்டர் நீளும்.

கன்ட்ரோலரில் லித்தியம் அயான் பேட்டரி இருக்கிறது. விமானத்தில் போகும் கூரியருக்கு அதைச் சொல்லியாக வேண்டும்; சொன்னால் சில இடங்களில் எடுக்கவே மாட்டார்கள். ரயிலில் அப்பாவோடு போனால் அந்தப் பிரச்சினை இல்லை. அதை வைக்கும்போது இரண்டு கட்டைவிரல் குச்சிகளின் மேல் எதுவும் அழுத்தாமல் பாருங்கள். ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி நாள்கணக்கில் அழுந்தினால் குச்சி நடுவுக்குத் திரும்பாமல் போகலாம். ஒரு சின்ன டப்பாவில் குச்சிகள் மேல்நோக்கி இருக்க, மூடி அவற்றைத் தொடாதபடி வைத்தால் போதும்.

டிஸ்க்குகளை அவற்றின் உறைப் பெட்டியிலேயே வையுங்கள். காகித உறை வேண்டாம். உள்ளே ஒரு மணல் துகள் மாட்டினால் வழியெல்லாம் அதுவே தேய்க்கும். பிஎஸ்4 டிஸ்க்குகள் புளூ-ரே வகை. பழைய சிடியில் தகவல் அடுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆழத்தில் இருக்கும். இதிலோ மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது. அதற்காகவே கடினமான பூச்சு ஒன்று போட்டிருக்கிறார்கள், சின்னக் கீறல்களை அது தாங்கும். ஆழமாகப் போனால் தப்பாது. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, நடுக் கொக்கியில் டிஸ்க் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். பிறகு அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல் நிறுத்தி, பக்கத்துக்குப் பக்கம் இடைவெளியில்லாமல் வைத்து, காகிதப் பட்டையால் சுற்றிக் கட்டுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும்.

டெல்லியில் பார்சல் வந்து சேர்ந்ததும் தம்பி பார்க்க வேண்டியவை இவை. பெட்டியைத் திறப்பதற்கு முன் ஆறு பக்கமும் படம் எடுக்கட்டும், திறப்பதை வீடியோ எடுக்கட்டும். நசுங்கல் இருந்தால் கையெழுத்திடும் தாளிலேயே அதைக் குறிக்கச் சொல்லுங்கள். ஜனவரி இரவில் லாரியில் வந்த கன்சோல் நன்றாகக் குளிர்ந்திருக்கும். அதை ஆட்கள் நிறைந்த, கதகதப்பான அறையில் திறந்தவுடன் உள்ளே இருக்கும் உலோகத்தின் மேல் ஈரம் படியும். ஆகவே வெளிப்பெட்டியைத் திறந்து, கன்சோலைப் பிளாஸ்டிக் பையோடு வெளியே எடுத்து, பையைப் பிரிக்காமல் ஓர் இரவு விட்டுவிட வேண்டும். படியும் ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படிந்து உலர்ந்துவிடும். மறுநாள் பிரிக்கலாம்.

கேபிளைச் செருகுவதற்கு முன் டார்ச் அடித்து எச்.டி.எம்.ஐ. துளைக்குள் பார்க்கட்டும். நாக்கு நேராக நடுவில் இருக்க வேண்டும், முனைகள் ஒரே வரிசையில் மின்ன வேண்டும். ஏதாவது ஒன்று தூக்கிக்கொண்டிருந்தால் கேபிளைத் திணிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகட்டும். பிறகு டிஸ்க் இல்லாமலேயே ஆன் செய்ய வேண்டும். ஆரம்பத்தில் டிரைவ் ஒருமுறை சுழன்று பார்க்கும் ஓசை இயல்பானது. விளக்கு நன்றாக எரிந்தும் டிவியில் படம் வராவிட்டால், முதலில் வேறு கேபிள், வேறு டிவியில் பார்க்கட்டும். அப்போதும் வராவிட்டால் துளையைத்தான் சந்தேகிக்க வேண்டும். திரையில் `Cannot start the PS4` என்று வந்தாலோ, `CE-34335-8` என்ற எண் வந்தாலோ, கன்சோல் ஹார்ட் டிஸ்க்கை அடைய முடியவில்லை என்று பொருள். பதற வேண்டாம். பயணக் குலுக்கலில் ஹார்ட் டிஸ்க் தன் இணைப்பிலிருந்து சற்றே விலகியிருக்கலாம். பிளக்கை எடுத்துவிட்டு, பின்மூலை மூடியைத் திறந்து, திருகைக் கழற்றி, தாங்கியைப் பாதி வெளியே இழுத்து மீண்டும் அடிவரை தள்ளித் திருகினால் பல நேரம் சரியாகிவிடும். அதன் பிறகும் அதே எண் வந்தால்தான் வேறு ஹார்ட் டிஸ்க் போட வேண்டியிருக்கும். அந்த நிலையிலும் சேவ்கள் அப்பா கொண்டுவந்த பென் டிரைவில் இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கட்டும். அதிகம் விளையாடாத, போனால் போகட்டும் என்ற டிஸ்க்கையே முதலில் போட வேண்டும். உருளைகள் அதை மென்மையாக இழுத்துக்கொள்ள வேண்டும். கரகரவென்று அரைக்கும் ஓசை வந்தாலோ, இழுத்ததும் வெளியே தள்ளினாலோ, உடனே எடுத்து அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். வட்டமாகப் புதுக் கீறல் தெரிந்தால் டிரைவைச் சரிசெய்யும் வரை வேறு எந்த டிஸ்க்கையும் அதில் போடக் கூடாது.